பிராக்சியா, விபிஎன்னா?

கணினியோ கைப்பேசியோ இணையத்துக்கு அனுப்பும் தரவு, பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் அனுப்புபவரின் ஐபி முகவரியும் பெறுபவரின் ஐபி முகவரியும் எழுதப்பட்ட பின்னரே புறப்படுகிறது. பதில் திரும்பி வரவேண்டுமானால் அனுப்புபவரின் முகவரி மறுமுனைக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்பதால், ஓர் இணையதளம் தன்னை நாடி வருபவரின் முகவரியை எப்போதும் பார்க்கிறது. இடையில் பொட்டலத்தைக் கடத்தும் இணையச் சேவை நிறுவனமோ இரண்டு முகவரிகளையும் பார்க்கிறது. மறுமுனைக்கு வேறொரு முகவரியைக் காட்ட விரும்பினாலும், வழியில் இருப்பவரிடமிருந்து செல்லுமிடத்தை மறைக்க விரும்பினாலும், நடுவில் வேறொரு கணினியை நிறுத்தி, அது தன் பெயரில் பேசுமாறு செய்வதைத் தவிர எளிய வழி இல்லை.

பிராக்சி, விபிஎன் ஆகிய இரண்டும் இந்த ஒரே உத்தியைத்தான் கையாள்கின்றன. புதிதாக அறிபவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கருதுவதற்கும், விற்பவர்கள் ஒன்றின் பெயரை மற்றதற்குச் சூட்டுவதற்கும் இதுவே இடமளிக்கிறது. ஆனால் பயனரின் கருவிக்குள் எந்த இடத்தில் தரவு பிடிக்கப்பட்டு நடுவிலுள்ள கணினியிடம் ஒப்படைக்கப்படுகிறது என்று பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பிராக்சி என்பது உலாவி போன்ற ஒரு செயலி, தானே அறிந்து செய்துகொள்ளும் ஏற்பாடு; விபிஎன் என்பது எல்லாச் செயலிகளுக்கும் கீழே, இயங்குதளம் பொட்டலங்களை வெளியே அனுப்பும் இடத்தில் செய்யப்படும் ஏற்பாடு. எந்தச் செயலிகள் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்குகின்றன, வழியில் யார் எதைப் படிக்க முடியும், எது கசிகிறது ஆகிய எல்லா வேறுபாடுகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

இதை விளக்க, நூலகங்கள் நெடுங்காலமாகச் சந்தித்துவரும் ஒரு சூழலை எடுத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகங்கள் ஆய்விதழ்களுக்குச் சந்தா செலுத்தும்போது, பதிப்பகத்தின் தளம் பெரும்பாலும் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே அடையாளம் காண்பதில்லை. வளாகத்துக்கு உரிய ஐபி முகவரித் தொகுதியிலிருந்து வரும் கோரிக்கையை மட்டும் உள்ளே விடுகிறது. வளாகத்தின் தொகுதி 198.51.100.0 முதல் 198.51.100.255 வரை என்றும், விடுமுறைக்கு ஊருக்குச் சென்றுள்ள ஆய்வு மாணவி ஒருவரின் வீட்டு இணைப்பு வெளியுலகுக்குக் காட்டும் முகவரி 203.0.113.45 என்றும், ஆய்விதழின் தளம் 192.0.2.80 என்ற முகவரியில் உள்ளது என்றும் கொள்வோம். இம்மூன்று தொகுதிகளும் விளக்க நூல்களில் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. இவற்றில் உண்மையான கணினி எதுவும் இயங்குவதில்லை. வீட்டிலிருந்து கட்டுரையைத் திறந்தால், தளம் 203.0.113.45 என்ற முகவரியைக் கண்டு, பணம் கட்டச் சொல்லும் பக்கத்தைக் காட்டும்.

வளாகத்தில் 198.51.100.20 என்ற முகவரியில் ஒரு பிராக்சி சேவையகம் இயங்குகிறது என்றால், மாணவி தம் உலாவியின் அமைப்புகளில் அந்த முகவரியையும் போர்ட் எண்ணையும் எழுதிவைக்கிறார். போர்ட் எண் என்பது ஒரே கணினியில் இயங்கும் பல சேவைகளில் எதனுடன் பேச வேண்டும் என்பதைக் குறிக்கும் எண். 1996 முதல் வழங்கிவரும் ஸ்குவிட் என்ற பிராக்சி மென்பொருள் வழக்கமாக 3128-ஐப் பயன்படுத்துகிறது. இதன் பின்னர் உலாவி, ஆய்விதழின் தளத்தை நேரடியாக அணுகுவதை நிறுத்திவிட்டு, பிராக்சியுடன் ஓர் இணைப்பை ஏற்படுத்தி, பின்வருமாறு கேட்கிறது:

```
CONNECT journal.example:443 HTTP/1.1
Host: journal.example:443
```

பிராக்சி அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரியைத் தானே தேடி அறிந்து, 192.0.2.80 உடன் தன் சொந்த முகவரியிலிருந்து இன்னோர் இணைப்பை ஏற்படுத்தி, அது கிடைத்ததும் `200` என்ற எண்ணைக் கொண்ட பதிலை உலாவிக்கு அனுப்புகிறது. அந்தக் கணத்திலிருந்து பிராக்சி, ஒரு பக்கம் வரும் பைட்டுகளை மறுபக்கம் தள்ளுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. ஆய்விதழின் தளம் 198.51.100.20 என்ற முகவரியைக் கண்டு கட்டுரையைத் திறந்துவிடுகிறது. முகவரியில் எச்டிடிபிஎஸ் இருந்தால், உலாவிக்கும் தளத்துக்கும் இடையிலான உரையாடல் மறைகுறியாக்கப்பட்டே செல்வதால், அதாவது இரு முனைகளுக்கு மட்டும் தெரிந்த சாவியால் பூட்டப்பட்டே செல்வதால், பிராக்சியால் தளத்தின் பெயரை அறிய முடியுமே தவிர உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு எச்டிடிபிஎஸ் தருவது; பிராக்சி தருவதன்று. பழைய எச்டிடிபி தளமாக இருந்தால், பிராக்சி ஒவ்வோர் எழுத்தையும் படிக்கவும், விரும்பினால் மாற்றவும் இயலும்.

மேலே காட்டிய `CONNECT` வரி எந்த நிலையில் பயணம் செய்கிறது என்பது இங்கே நின்று கவனிக்கத் தக்கது. வழக்கமான எச்டிடிபி பிராக்சியில், உலாவிக்கும் பிராக்சிக்கும் இடையிலான அந்த முதல் உரையாடல் திறந்த எழுத்துகளாகவே செல்கிறது. வீட்டின் இணையச் சேவை நிறுவனமோ, பொது வைஃபையை நடத்துபவரோ, அதே வைஃபையில் ஒட்டுக்கேட்பவரோ, எந்தத் தளத்துக்குச் செல்லக் கோரிக்கை வைக்கப்பட்டது என்பதை அப்படியே படிக்கலாம். பிராக்சி கடவுச்சொல் கேட்டால் நிலைமை இன்னும் மோசமாகிறது: எளிய வகைச் சரிபார்ப்பில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் `Proxy-Authorization: Basic` என்ற வரியில் பேஸ்64 என்ற எழுத்துமாற்றத்தில் செல்கின்றன, அது பூட்டு அன்று, யாரும் ஒரு நொடியில் திருப்பி எழுதிக்கொள்ளக்கூடிய வேறொரு எழுத்துவடிவம் மட்டுமே. ஆகவே பிராக்சி மறுமுனையில் இருப்பவருக்கு முகவரியை மாற்றிக் காட்டுகிறதே ஒழிய, அருகில் இருப்பவரிடமிருந்து எதையும் மறைப்பதில்லை. பிராக்சியுடனான இணைப்பையே எச்டிடிபிஎஸ் போலப் பூட்டும் வகையும் உண்டு. குரோம், பயர்பாக்ஸ் ஆகியவை அதை ஏற்கின்றன. ஆனால் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று உறுதியாகத் தெரியாத வரை, திறந்த இணைப்பாகவே கருதுவது நல்லது.

எச்டிடிபி பிராக்சி இணையப் பக்கங்களுக்காக உருவானது. எந்த வகைத் தரவையும் கடத்தும் பொது நோக்குப் பிராக்சிக்கு சாக்ஸ்5 என்ற நெறிமுறை உண்டு. 1996-இல் வரையறுக்கப்பட்ட இதில், விளம்பரங்கள் உணர்த்துவதற்கு மாறாக, தரவைப் பூட்டும் வசதி வழக்கமான பயன்பாட்டில் இல்லை. இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் தேடலை டிஎன்எஸ் என்பர். சாக்ஸ்5-இல் அந்தத் தேடலைப் பிராக்சியும் செய்யலாம், பயனரின் கணினியே முன்கூட்டிச் செய்துவிட்டு வெறும் எண்ணை மட்டும் பிராக்சியிடம் கொடுக்கவும் செய்யலாம். இரண்டாவது முறையில், பக்கத்தின் தரவு பிராக்சி வழியே சென்றாலும், பக்கத்தின் பெயரைக் கேட்கும் கேள்வி வீட்டு இணைப்பின் வழியே சேவை நிறுவனத்திடம் சென்றுவிடுகிறது. இதையே டிஎன்எஸ் கசிவு என்கிறார்கள். பயர்பாக்ஸில் இதற்கென்றே `Proxy DNS when using SOCKS v5` என்ற தேர்வு உள்ளது. கர்ல் என்ற கட்டளைக் கருவியில் `socks5` என்பதற்கும் `socks5h` என்பதற்கும் உள்ள ஓரெழுத்து வேறுபாடு இதுவேதான்.

விபிஎன் இவை எல்லாவற்றையும் விட்டு விலகி, வேறோர் அடுக்கில் வேலை செய்கிறது. ஒவ்வோர் இயங்குதளமும், எந்த முகவரிக்குச் செல்லும் பொட்டலத்தை எந்த வலையமைப்பு இடைமுகத்தின் வழியே அனுப்ப வேண்டும் என்று கூறும் வழித்தட அட்டவணை ஒன்றை வைத்திருக்கிறது. இடைமுகம் என்பது வைஃபை அட்டை, கம்பி இணைப்பு போன்ற வெளிவாசல். விபிஎன் மென்பொருள், வன்பொருள் ஏதுமின்றி மென்பொருளாலேயே ஆன ஒரு புதிய இடைமுகத்தை உருவாக்கி, இனி எல்லாப் பொட்டலங்களும் இதன் வழியே செல்லட்டும் என்று அட்டவணையை மாற்றி எழுதுகிறது. உலாவி, மின்னஞ்சல் செயலி, மென்பொருளைப் புதுப்பிக்கும் பின்னணிச் சேவை என எதுவும் இதை அறிவதில்லை. வழக்கம்போல் பொட்டலத்தை இயங்குதளத்திடம் கொடுக்கின்றன. அங்கே அது வைஃபை அட்டைக்குச் செல்வதற்குப் பதிலாக விபிஎன் மென்பொருளின் கையில் விழுகிறது.

அந்த மென்பொருள் பொட்டலம் முழுவதையும், அதன் தலைப்பிலுள்ள முகவரிகள் உட்பட, மறைகுறியாக்கி, அதை ஒரு புதிய பொட்டலத்தின் உள்ளடக்கமாக வைத்து, புதிய தலைப்பில் விபிஎன் சேவையகத்தின் முகவரியை எழுதி அனுப்புகிறது. முத்திரையிட்ட ஓர் உறையை இன்னோர் உறைக்குள் இட்டு அனுப்புவது போன்றது இது: வழியில் இருப்பவர் வெளியுறையில் எழுதிய முகவரியை மட்டுமே படிக்க முடியும். சேவையகம் வெளியுறையைப் பிரித்து, உள்ளே உள்ள பொட்டலத்தின் அனுப்புநர் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி, உரிய இடத்துக்கு அனுப்புகிறது. 2001-இல் வெளிவந்த ஓபன்விபிஎன், ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கி 2020 மார்ச்சில் லினக்ஸ் கருநிரலின் 5.6 பதிப்பில் இடம்பெற்ற வயர்கார்டு ஆகிய இரண்டும் இந்த முறையையே பின்பற்றுகின்றன. புதிதாக அமைப்பவருக்கு வயர்கார்டே பொருத்தமானது; அதன் அமைப்புக் கோப்பு பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது, பாதுகாப்புக் குறைந்த பழைய மறைகுறியாக்க முறைகளைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட அதில் வாய்ப்பே இல்லை.

உறைக்குள் உறை வைப்பதற்கு ஒரு விலை உண்டு. வயர்கார்டு ஒவ்வொரு பொட்டலத்திலும் தனக்கென 32 பைட்டுகளையும், அதைச் சுமக்கும் யூடிபி தலைப்புக்கு 8 பைட்டுகளையும், வெளியுறையின் ஐபி தலைப்புக்கு 20 அல்லது 40 பைட்டுகளையும் எடுத்துக்கொள்கிறது. அதிக அளவான 80-ஐ 1500-இலிருந்து கழித்தே அதன் இடைமுகத்துக்கு 1420 என்ற வழக்கமான அளவு வைக்கப்பட்டுள்ளது. வழியில் எங்கேனும் 1500-க்குக் குறைந்த அளவையே ஏற்கும் இணைப்பு இருந்து, அதைத் தெரிவிக்கும் செய்தியும் தடுக்கப்பட்டிருந்தால், சிறு பொட்டலங்கள் போய்ச் சேர, பெரியவை காணாமற்போகும். விபிஎன் இணைந்துவிட்டதாகக் காட்டும், தேடுபொறியின் முதல் பக்கமும் திறக்கும், ஆனால் படங்கள் நிறைந்த பக்கம் பாதியில் நின்றுவிடும் என்றால், இடைமுகத்தின் அளவை 1280 வரை குறைத்துப் பார்ப்பது பல வேளைகளில் தீர்வாக அமைகிறது.

இப்போது ஆய்வு மாணவியிடம் திரும்பினால், பாடநூல் விளக்கம் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அவருடைய பல்கலைக்கழகம் விபிஎன் வசதியும் தருகிறது, அதில் இணைகிறார், இணைந்துவிட்டதாகத் திரை சொல்கிறது, ஆயினும் ஆய்விதழின் தளம் இன்னமும் பணம் கட்டச் சொல்கிறது. காரணம், அமைப்புக் கோப்பின் ஒரு வரியில் இருக்கிறது:

```
AllowedIPs = 198.51.100.0/24
```

வயர்கார்டில் இந்த வரி, எந்த முகவரிகளுக்குச் செல்லும் பொட்டலங்களை, விபிஎன்னின் பூட்டிய வழியான சுரங்கத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இங்கே வளாகத்தின் தொகுதி மட்டும் குறிக்கப்பட்டிருப்பதால், ஆய்வகக் கணினிக்கும் கோப்பகத்துக்கும் செல்லும் தரவு சுரங்கத்தின் வழியே செல்ல, 192.0.2.80-இல் உள்ள ஆய்விதழுக்குச் செல்வது வழக்கம்போல் வீட்டு இணைப்பின் வழியே வெளியேறுகிறது. பிளவுச் சுரங்கம் எனப்படும் இந்த ஏற்பாட்டை நிறுவனங்கள் வேண்டுமென்றே தேர்கின்றன. ஆயிரக்கணக்கானோர் வீட்டில் பார்க்கும் திரைப்படமும் வளாகத்தின் இணைப்பு வழியே சுற்றிச் செல்வதை அவை விரும்புவதில்லை. எல்லாத் தரவும் சுரங்கத்துக்குள் செல்ல வேண்டுமானால் அந்த வரி இவ்வாறு இருக்க வேண்டும்:

```
AllowedIPs = 0.0.0.0/0, ::/0
```

முதற்பகுதி ஐபி நான்காம் பதிப்பின் எல்லா முகவரிகளையும், இரண்டாம் பகுதி ஆறாம் பதிப்பின் எல்லா முகவரிகளையும் குறிக்கிறது. இரண்டாம் பகுதியை விட்டுவிட்டால், ஆறாம் பதிப்பில் பேசும் தளங்களுக்குச் செல்லும் தரவு சுரங்கத்துக்கு வெளியே சென்றுவிடும். இந்தியக் கைப்பேசி வலையமைப்புகளில் ஆறாம் பதிப்பு பரவலாக இருப்பதால், இங்கே இது எளிதில் நேரக்கூடிய கசிவு.

எது நடக்கிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கேட்பவரின் முகவரியையே பதிலாகத் திருப்பித் தரும் தளங்கள் உள்ளன. உலாவியில் `icanhazip.com` என்ற முகவரியைத் திறந்து பார்த்துவிட்டு, கட்டளைச் சாளரத்தில் பின்வரும் இரண்டு வரிகளையும் இயக்கிப் பார்க்கலாம்:

```
curl -4 https://icanhazip.com
curl -6 https://icanhazip.com
```

உலாவியில் பிராக்சி அமைத்திருந்தால், உலாவி 198.51.100.20 என்று காட்டும்போது முதற்கட்டளை 203.0.113.45 என்று வீட்டு முகவரியையே காட்டும். உலாவியின் அமைப்பு கர்ல் கருவிக்குத் தெரியாது என்பதே இதற்குக் காரணம், அதுவே பிராக்சியின் இயல்பும்கூட. முழுச் சுரங்கமாக அமைந்த விபிஎன்னில் இரண்டு இடங்களிலும் சேவையகத்தின் முகவரியே வரும். பிளவுச் சுரங்கத்தில் இரண்டு இடங்களிலும் வீட்டு முகவரி வரும், விபிஎன் நன்றாக இயங்கிக்கொண்டிருந்தாலும். முழுச் சுரங்கத்தில் இரண்டாம் கட்டளை வீட்டின் ஆறாம் பதிப்பு முகவரியைக் காட்டினால் கசிவு இருக்கிறது; பிழைச்செய்தியோ சேவையகத்தின் முகவரியோ வந்தால் இல்லை.

நூலகங்கள் இந்தச் சிக்கலுக்கு மூன்றாவது வழி ஒன்றைக் கண்டன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு சமூகக் கல்லூரியில் நூலகராக இருந்த கிறிஸ் சாகர், 1999-இல் தொடங்கிய சிறு நிறுவனத்தின் மூலம் ஈசிபிராக்சி என்ற மென்பொருளை வழங்கினார். 2008-இல் அதை ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு வாங்கியது. இதில் பயனர் எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை. நூலகப் பக்கத்தில் உள்ள இணைப்பைச் சொடுக்கி, மாணவர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், `journal.example` என்பது `journal-example.proxy.univ.example` என்பது போன்ற முகவரியாக மாறித் திறக்கும். உலாவி உண்மையில் பல்கலைக்கழகத்தின் சேவையகத்துடன்தான் பேசுகிறது. அந்தச் சேவையகமே ஆய்விதழின் பக்கத்தைப் பெற்று, அதிலுள்ள இணைப்புகளையெல்லாம் தன் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுக்கிறது. இதன் விளைவாக, முன்னர் கண்ட `CONNECT` முறைக்கு மாறாக, இங்கே பிராக்சி உள்ளடக்கம் முழுவதையும் பார்க்கிறது. சொந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகம் ஆய்வுக் கட்டுரையின் பக்கத்தைப் பார்ப்பதில் தீங்கில்லை. இதே முறையில் இயங்கும் முகம் தெரியாத இலவசப் பிராக்சித் தளம் ஒன்றில் வங்கிக் கணக்கைத் திறப்பதோ முற்றிலும் வேறு. முகவரிப் பட்டையில் வங்கியின் பெயருக்குப் பின்னால் வேறொரு பெயர் ஒட்டியிருந்தால், கடவுச்சொல் அந்த வேற்றுப் பெயருக்குரியவரிடமே போய்ச் சேருகிறது.

பொது இடத்து வைஃபை இதற்கு நேரெதிரான தேவையை உடையது. ரெயில்டெல் நிறுவனம் இந்திய ரயில் நிலையங்களில் தரும் வைஃபையையோ, விடுதி ஒன்றின் வைஃபையையோ பயன்படுத்துபவருக்கு, மறுமுனைக்கு எந்த முகவரி தெரிகிறது என்பது பொருட்டன்று. அருகில் இருப்பவர் எதைப் பார்க்கிறார் என்பதே கேள்வி. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் முறைக்கு வந்துவிட்டதால், வைஃபையை நடத்துபவர் கடவுச்சொல்லையோ செய்தியையோ படிக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இதை மறைத்து அச்சமூட்டியே பல விபிஎன் விளம்பரங்கள் செய்யப்படுகின்றன. ஆனால் எந்தத் தளங்களுக்குச் செல்கிறார் என்பது, டிஎன்எஸ் கேள்விகளிலும், எச்டிடிபிஎஸ் இணைப்பின் முதற்செய்தியில் பெரும்பாலும் திறந்த எழுத்தில் செல்லும் தளப்பெயரிலும் வெளிப்படுகிறது. மருத்துவ ஆலோசனைத் தளம் ஒன்றின் பெயர் மட்டும் தெரிந்தாலே போதும், ஒருவரைப் பற்றி அவர் சொல்ல விரும்பாத ஒன்றை ஊகித்துவிடலாம். இங்கே பிராக்சி உதவாது. திறந்த `CONNECT` வரி அதே பெயரைத்தான் சொல்லிச் செல்கிறது. முழுச் சுரங்கமாக அமைந்த விபிஎன்னில், வைஃபையை நடத்துபவர் காண்பது ஒரே ஒரு சேவையகத்தின் முகவரியும், எப்போது எவ்வளவு தரவு சென்றது என்பதும் மட்டுமே.

தளங்கள் தடுக்கப்படும் நாட்களில் இரண்டுக்குமான வேறுபாடு இன்னொரு வகையில் வெளிப்படுகிறது. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3 அன்றும் அரசு சமூக ஊடகங்களைத் தடுத்தபோது, மக்கள் பெருமளவில் நாடியது விபிஎன் செயலிகளையே. தடையை நடைமுறைப்படுத்தும் சேவை நிறுவனம் செல்லுமிடத்தைக் கண்டே தடுக்கிறது என்பதால், கோட்பாட்டளவில் வெளிநாட்டுப் பிராக்சி ஒன்றும் தடையைக் கடக்கப் போதுமானது. ஆனால் மக்கள் பேஸ்புக்கையும் வாட்ஸாப்பையும் பயன்படுத்துவது உலாவியில் அன்று, கைப்பேசிச் செயலிகளில். ஆண்ட்ராய்டின் வைஃபை அமைப்பில் பிராக்சியை எழுதிவைத்தாலும் மற்றச் செயலிகள் அதை மதிக்கும் என்ற உறுதி இல்லை. கைப்பேசி முழுவதையும் ஒரே சொடுக்கில் பிடிக்கும் விபிஎன்னே அந்தச் சூழலுக்குப் பொருந்தியது. பின்னர் 2023 ஜனவரியில் வாட்ஸாப் தன் செயலிக்குள்ளேயே பிராக்சி அமைப்பைச் சேர்த்தது. அது அந்த ஒரு செயலிக்கு மட்டும் உதவும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலாவியின் நீட்சிகளாக விபிஎன் என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும், பூட்டிய இணைப்பைக் கொண்ட பிராக்சிகளே; அவை உலாவிக்கு வெளியே எதையும் காப்பதில்லை.

இதுவரை சொன்னவற்றிலிருந்து விபிஎன்னே எப்போதும் மேலானது என்ற எண்ணம் எழலாம். அதற்கு முன் சேவையகத்தை நடத்துபவர் யார் என்று கேட்டாக வேண்டும். சேவை நிறுவனத்திடமிருந்து மறைக்கப்பட்ட எல்லாமும் விபிஎன் நிறுவனத்தின் கண்ணில் படுகிறது; பிராக்சி ஓர் உலாவியின் போக்கை மட்டும் பார்க்க, முழுச் சுரங்கம் கருவியின் எல்லாச் செயலிகளின் போக்கையும் பார்க்கிறது. 2013-இல் பேஸ்புக் வாங்கிய ஓனாவோ என்ற நிறுவனம் இலவச விபிஎன் செயலி ஒன்றை வழங்கியது; பாதுகாப்புக்கென்று விளம்பரப்படுத்தப்பட்ட அது, பயனர்கள் எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தைத் தாய் நிறுவனத்தின் வணிகத்துக்காகத் திரட்டியது. 2018-இல் ஆப்பிள் கடையிலிருந்து அது விலக்கப்பட்டது. 2023-இல் ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சி நீதிமன்றம், இதைப் பயனர்களிடம் போதுமான அளவு தெரிவிக்காததற்காக மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கருவி முழுவதையும் பிடிக்கும் ஆற்றல் தவறானவர் கையில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில், விபிஎன் சேவை வழங்குபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவருக்கு ஒதுக்கப்பட்ட ஐபி முகவரி உள்ளிட்ட விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் ஆகிய நிறுவனங்கள் அதே ஆண்டில் இந்தியாவிலிருந்த தம் சேவையகங்களை அகற்றிக்கொண்டன. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று பின்னர் விளக்கப்பட்டது. ஆகவே கட்டண விபிஎன் ஒன்றைத் தேர்பவர், நிறுவனத்தின் வாக்குறுதியுடன், சேவையகம் எந்த நாட்டின் சட்டத்துக்குள் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நிறுவனம் எதுவானாலும், கூகுள் கணக்கில் நுழைந்திருப்பவரைக் கூகுள் அறிவதை விபிஎன்னோ பிராக்சியோ தடுப்பதில்லை. குக்கியும் உள்நுழைவும் முகவரியைச் சார்ந்தவை அல்ல.

எனவே முடிவெடுக்க நிற்பவர் முதலில் கேட்க வேண்டியது, மாற வேண்டியது மறுமுனை பார்க்கும் முகவரியா, மறைய வேண்டியது அருகில் இருப்பவர் பார்க்கும் விவரமா என்பதே. முகவரி மட்டும் மாறினால் போதும், வேலை ஒரே செயலிக்குள் அடங்கும், சேவையகத்தை நடத்துபவர் தெரிந்தவர் என்றால், பிராக்சி எளியது. மற்றச் செயலிகளின் வேகத்தை அது தொடுவதும் இல்லை. அருகில் இருப்பவரை நம்ப முடியவில்லை என்றாலோ, பல செயலிகளும் அடங்க வேண்டும் என்றாலோ விபிஎன் தேவை. நம்பத் தக்க சேவையகம் கிடைக்காதபோது, இரண்டையும் தவிர்த்து எச்டிடிபிஎஸ் இணைப்பை மட்டும் நம்புவதே, இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்வதைக் காட்டிலும் பாதுகாப்பானது. குறிப்பாக, ஒரு பிராக்சியோ விபிஎன் செயலியோ தன் சான்றிதழைக் கருவியின் நம்பகப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால், அலுவலகக் கணினியில் அலுவலகமே செய்யும் ஏற்பாடாக இருந்தாலன்றி, அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அந்தச் சான்றிதழ் எச்டிடிபிஎஸ் பூட்டைத் திறக்கும் சாவியை அவர்களிடம் கொடுத்துவிடுகிறது.

மாணவியைப் பொறுத்தவரை, ஆய்விதழ்களுக்கு நூலகத்தின் பிராக்சியும், ஆய்வகக் கணினியில் இயங்கும் கணக்கீட்டைப் பார்க்கப் பிளவுச் சுரங்க விபிஎன்னும் என இரண்டும் அவருக்குப் பயன்படும். ஒன்றுக்கொன்று இடையூறாவதும் இல்லை. உலாவியில் கையால் எழுதிய பிராக்சி அமைப்பை மட்டும் வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும்: வளாகத்தின் சேவையகம் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் நாளில், குரோம் `ERR_PROXY_CONNECTION_FAILED` என்று காட்டி எந்தப் பக்கத்தையும் திறக்க மறுக்கும். விபிஎன் துண்டிக்கப்படும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது; பல மென்பொருள்களில், எந்த எச்சரிக்கையும் இன்றித் தரவு பழைய வழியிலேயே வெளியேறத் தொடங்கும். மறைப்பதற்காகவே விபிஎன்னை நாடுபவர், சுரங்கம் அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் `Kill switch` என்ற தேர்வை, ஆண்ட்ராய்டில் `Block connections without VPN` என்ற தேர்வை, முதல் நாளிலேயே இயக்கி வைத்து, விபிஎன்னை வேண்டுமென்றே ஒருமுறை துண்டித்து, பக்கங்கள் திறக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.